கிரிப்டோவும் கிளவுடும் செய்திக்குள் வரும்போது

*கேள்வி: நாளிதழ் ஒன்றில் உதவி ஆசிரியராகச் சேர்ந்திருக்கிறேன். கிரிப்டோகரன்சி, கிளவுட் ஸ்டோரேஜ் போன்ற சொற்களை அப்படியே போட்டால் "தமிழ்ச் சொல் கிடைக்கவில்லையா?" என்கிறார்கள். தமிழில் போட்டால் "பாடப்புத்தகம் மாதிரி இருக்கிறது" என்கிறார்கள். செய்தி விறைத்துப் போகாமல் இயல்பான தமிழ்ச் சொல்லை எப்படிப் பிடிப்பது?*

அகராதியைக் கொஞ்ச நேரம் மூடி வைத்துவிட்டு, முதலில் செய்தியில் என்ன நடந்தது என்று பாருங்கள். பாதிச் செய்திகளில் அந்தச் சொல்லே தேவைப்படாது. மீதிச் செய்திகளில் தேவைப்படுவது நீங்கள் தேடிக்கொண்டிருந்த சொல்லாக இருக்காது. ஒரு மாதிரியை எடுத்துப் பிரித்துப் பார்த்தால் சுலபமாகப் புரியும். ஆள், ஊர், தொகை எல்லாம் நான் புனைந்தவை. ஆனால் இந்த வாக்கியம் எந்தச் செய்தி மேசைக்கும் அறிமுகமானதுதான்:

"மறையீட்டு நாணய முதலீட்டில் அதிக லாபம் ஈட்டித் தருவதாக ஆசை வார்த்தை கூறி, கோவையைச் சேர்ந்த தனியார் நிறுவன ஊழியரிடம் ரூ.12 லட்சம் மதிப்பிலான மறையீட்டு நாணயங்கள் மோசடி செய்யப்பட்ட சம்பவம் பரபரப்பை ஏற்படுத்தியுள்ளது."

இதில் "மறையீட்டு நாணயம்" வரும் இரண்டு இடத்திலும் "கிரிப்டோகரன்சி" என்று மாற்றிப் படித்துப் பாருங்கள். விறைப்பு துளியும் குறையாது. காரணம், விறைப்பு அந்தச் சொல்லில் இல்லை. வாக்கியத்தில் ஏமாற்றியவன் யார் என்றே தெரியவில்லை. ஏமாந்தவர் "ஊழியரிடம்" என்று ஒரு வேற்றுமை உருபுக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறார். வினை "மோசடி செய்யப்பட்ட சம்பவம்" என்று பெயர்ச்சொல்லாக உறைந்துவிட்டது. கடைசியில் பரபரப்பு வேறு. இப்படிப்பட்ட வாக்கியத்தில் எந்தப் புதுச் சொல்லை வைத்தாலும் பழி அந்தச் சொல்லின் மேல்தான் விழும்.

இப்போது நிருபரைத் தொலைபேசியில் பிடித்து, "அந்த ஆள் என்னதான் செய்தார்?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் கதை இப்படி இருக்கும். டெலிகிராமில் ஒரு குழுவில் சேர்த்திருக்கிறார்கள். ஒரு செயலியைப் பதிவிறக்கச் சொல்லியிருக்கிறார்கள். இவர் அவர்கள் கொடுத்த வங்கிக் கணக்குகளுக்கு யுபிஐ மூலம் பல தவணைகளாகப் பணம் அனுப்பியிருக்கிறார். செயலியில் தொகை ஏறிக்கொண்டே போயிருக்கிறது. எடுக்கப் போனபோது "முதலில் வரி கட்டுங்கள்" என்று இன்னும் பணம் கேட்டிருக்கிறார்கள். அப்போதுதான் சந்தேகம் வந்து போலீஸுக்குப் போயிருக்கிறார்.

கவனித்தீர்களா? இந்தக் கதையில் கிரிப்டோகரன்சி என்று ஒன்று எந்த இடத்திலும் இல்லை. அந்தப் பெயரைச் சொல்லி ஆசை காட்டினார்கள், அவ்வளவுதான். அவர் அனுப்பியது ரூபாய், இழந்ததும் ரூபாய். "ரூ.12 லட்சம் மதிப்பிலான மறையீட்டு நாணயங்கள்" என்பது விறைப்பான தமிழ் என்பதைவிட, தவறான செய்தி. தமிழ்ச் சொல் எது என்று அரை மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தால் இந்தத் தவறு கண்ணில் பட்டிருக்காது. திருத்தி எழுதினால்:

"கிரிப்டோவில் போட்டால் இரண்டே மாதத்தில் பணம் இரட்டிப்பாகும் என்று டெலிகிராமில் வந்த தகவலை நம்பி, கோவையைச் சேர்ந்த தனியார் நிறுவன ஊழியர் ரூ.12 லட்சத்தை இழந்தார். அவர் பதிவிறக்கிய செயலியில், போட்ட பணம் ரூ.31 லட்சமாகப் பெருகிவிட்டதாகக் காட்டியது. எடுக்க முயன்றபோது, முதலில் வரியாக ரூ.2 லட்சம் கட்ட வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். அவர் அனுப்பிய பணம் பல வங்கிக் கணக்குகளுக்குப் போயிருக்கிறது. அதில் கிரிப்டோ எதுவும் வாங்கப்படவில்லை என்று போலீஸார் கூறினர்."

கிரிப்டோ என்றால் என்ன என்று இங்கே விளக்கவே வேண்டியதில்லை. அது ஒரு தூண்டில், பணம் பெருகும் என்று சொல்லப்பட்ட ஏதோ ஒன்று, அவ்வளவு தெரிந்தால் வாசகருக்குப் போதும். ஏமாந்தவருக்கே அதற்கு மேல் தெரிந்திருக்காது.

மாறாக, அவர் உண்மையிலேயே ஒரு தளத்தில் கிரிப்டோ வாங்கி, அதை மோசடிக்காரர்களின் கணக்குக்கு மாற்றியிருந்தால் கதை வேறு. வங்கிக் கணக்குக்குப் போன பணத்தை, சைபர் குற்ற உதவி எண்ணான 1930இல் உடனே புகார் செய்தால் முடக்கி வைக்க வாய்ப்பு உண்டு. கிரிப்டோவாக மாறி வெளிநாட்டில் யாரோ ஒருவரின் வாலட்டுக்குப் போய்விட்டால் முடக்கச் சொல்லிக் கேட்க அங்கே வங்கி மேலாளர் யாரும் இல்லை. அந்த வேறுபாடு செய்திக்கு முக்கியம். அப்போதுதான் சொல் தேவைப்படுகிறது. சரி, எந்தச் சொல்?

கிரிப்டோகரன்சிக்குப் புழக்கத்தில் உள்ள தமிழாக்கங்கள் சில: மறைநாணயம், மறையீட்டு நாணயம், குறியாக்க நாணயம், மெய்நிகர் நாணயம், டிஜிட்டல் நாணயம் அல்லது எண்ம நாணயம். காதுக்கு எது இனிமை என்று பார்க்காமல், ஒவ்வொன்றும் வாசகர் மனதில் எதைக் கொண்டுவரும் என்று பாருங்கள்.

"மறைநாணயம்" என்றால் ஒளித்து வைத்த பணம், கறுப்புப் பணத்துக்கு உறவு என்று தோன்றும். பிட்காயினில் நடப்பது கிட்டத்தட்ட இதற்கு நேர்மாறு. எந்த முகவரியிலிருந்து எந்த முகவரிக்கு எவ்வளவு போனது என்பதை உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அந்தப் பேரேடு பொதுவில் திறந்து கிடக்கிறது. முகவரிக்குப் பின்னால் இருக்கும் ஆள் யார் என்பதுதான் தெரியாது. பெயரில் உள்ள "கிரிப்டோ" குறிப்பது, கையெழுத்தைச் சரிபார்க்கவும் கணக்கை யாரும் திருத்தாமல் காக்கவும் பயன்படும் கணிதத்தை. அந்த வகையில் "குறியாக்க நாணயம்" கூடுதல் சரி. ஆனால் குறியாக்கம் என்றால் என்ன என்று தெரிந்தவருக்கு மட்டுமே அது சரி. தெரிந்தவருக்கு உங்கள் தமிழாக்கம் தேவைப்படாது.

"டிஜிட்டல் நாணயம்"தான் இருப்பதிலேயே ஆபத்து, ஏனென்றால் அதுதான் எளிமையாக ஒலிக்கிறது. 2022 பிப்ரவரி 1 பட்ஜெட்டை நினைத்துப் பாருங்கள். ஒரே உரையில் நிர்மலா சீதாராமன் இரண்டு அறிவிப்புகளைச் செய்தார். ஒன்று, கிரிப்டோ போன்றவற்றை விற்று வரும் வருமானத்துக்கு 30 சதவீத வரி. இன்னொன்று, ரிசர்வ் வங்கி டிஜிட்டல் ரூபாயை வெளியிடும். இரண்டுக்கும் "டிஜிட்டல் நாணயம்" என்று போட்டால், அரசே நாணயம் வெளியிட்டு அதை வைத்திருப்பவரிடம் 30 சதவீதம் பிடுங்கப் போகிறது என்று வாசகர் நினைப்பார். டிஜிட்டல் ரூபாய் ரிசர்வ் வங்கி பொறுப்பேற்கும் பணம். சோதனை முறையில் 2022 நவம்பரில் பெரிய பரிவர்த்தனைகளுக்கும், டிசம்பரில் பொதுமக்களுக்கும் வந்தது. பிட்காயினுக்குப் பின்னால் எந்த அரசும் இல்லை. இரண்டையும் பிரித்துக் காட்டத் தெரியாத சொல் எவ்வளவு அழகான தமிழாக இருந்தாலும் பொருளாதாரப் பக்கத்துக்கு உதவாது.

"மெய்நிகர்" என்பதற்கு ஒரு நியாயம் உண்டு. கிரிப்டோ தொடர்பான சேவைகளை வங்கிகள் தரக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் தடை போட்ட சுற்றறிக்கையிலும், 2020 மார்ச் 4 அன்று அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலும் இருந்த ஆங்கிலச் சொல்லுக்கு அதுதான் நேர்ச் சொல். ஆனால் 2022இல் வருமான வரிச் சட்டத்துக்குள் வந்தபோது "நாணயம்" போய் "சொத்து" வந்துவிட்டது. சட்டப்படி அது மெய்நிகர் டிஜிட்டல் சொத்து. அரசு அதைப் பணம் என்று ஒப்புக்கொள்ளவில்லை, வரி போடத்தக்க உடைமை என்று மட்டுமே ஒப்புக்கொண்டது. எனவே வரிச் செய்தியில் சட்டத்தின் பெயரை ஓரிடத்தில் சொல்லிவிட்டு, மற்ற இடங்களில் "கிரிப்டோ சொத்து" என்று எழுதுவதுதான் பொருத்தம். "கிரிப்டோ பணம்" என்று நான் எழுதுவதில்லை. பேச்சில் சரளமாக வரும், ஆனால் கடையில் கொடுத்தால் வாங்கிக்கொள்ள வேண்டிய பணம் என்ற எண்ணத்தை அது தந்துவிடும்.

நான் எங்கே வந்து நிற்கிறேன் என்று தெரிந்திருக்கும். "கிரிப்டோ" அப்படியே இருக்கட்டும். அதற்குப் பின்னால் வரும் சொல் தமிழாக இருக்கட்டும். அந்தப் பின்சொல்லைத் தேர்ந்தெடுப்பதில்தான் உங்கள் உழைப்பெல்லாம் போக வேண்டும். கிரிப்டோ நாணயம், கிரிப்டோ சொத்து, கிரிப்டோ தளம், கிரிப்டோ கணக்கு: ஒவ்வொன்றும் வேறு வேறு. இது நம் மொழி நெடுநாளாகச் செய்துவரும் காரியம்தான். ரேஷன் கடை, போலீஸ் நிலையம், கேஸ் அடுப்பு, ரயில் பெட்டி எதையும் யாரும் கலப்படம் என்று உணர்வதில்லை. முன்னால் உள்ளது இரவல் சொல். பின்னால் உள்ள தமிழ்ச் சொல்தான் அது கடையா அடுப்பா என்று சொல்கிறது. வாசகர் பிடித்துக்கொள்வது அதைத்தான்.

இந்தப் பின்சொல்லைத் தவறாகப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு "மைனிங்" நல்ல உதாரணம். சீனா 2021இல் பிட்காயின் மைனிங்கைத் தடை செய்தது. அதை "பிட்காயின் சுரங்கங்களை மூட சீனா உத்தரவு" என்று தலைப்பிட்டால், நெய்வேலியைப் பார்த்தவருக்கு மண்வாரி இயந்திரம்தான் ஞாபகம் வரும். அங்கே இருப்பது கூடம் கூடமாக இரவு பகல் ஓடும் கணினிகள். பரிவர்த்தனைகளைச் சரிபார்த்துப் பேரேட்டில் சேர்க்கும் போட்டியில் அவை ஓடுகின்றன. வெல்லும் கணினிக்குப் புதிய பிட்காயின் பரிசாகக் கிடைக்கிறது. போட்டி முழுக்க மின்சாரத்தில் நடக்கிறது, அதனால்தான் அரசுகளுக்கு அது பிரச்சினை. ஆக, "பிட்காயின் ஈட்டும் கணினிக் கூடங்களை மூட உத்தரவு" என்று எழுதலாம். மின்சாரச் செய்தி என்றால் "மின்சாரத்தை விழுங்கும் பிட்காயின் கூடங்கள்" என்றே தலைப்பு வைக்கலாம். இவை மைனிங் என்ற சொல்லின் மொழிபெயர்ப்பு அல்ல. நடப்பதைச் சொல்கின்றன.

"வாலட்"டையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். "பணப்பை" என்று எழுதினால் நாணயம் அதற்குள் இருப்பதாகத் தோன்றும். அதற்குள் இருப்பது சாவி, அதாவது அந்த நாணயத்தை நகர்த்தும் உரிமையைத் தரும் ஒரு நீண்ட ரகசிய எண். 2024 ஜூலையில் வாசிர்எக்ஸ் தளத்திலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள கிரிப்டோ திருடு போனதே, அந்தச் செய்தியில் "பணப்பையை உடைத்து" என்பதைவிட "நிறுவனத்தின் வாலட்டைத் தங்கள் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்து" என்பது நடந்ததற்குப் பக்கத்தில் இருக்கும். தவிர, மொபைலில் பணம் கட்டுகிறவர்களுக்கு "வாலட்" பழகிப்போன சொல்.

மேலே சொன்ன பொதுப் பேரேட்டுக்கு அடிப்படையான பிளாக்செயினுக்கு ஒரு சுவாரசியமான தமிழ்ப் பெயர் இருக்கிறது. தமிழ்நாடு அரசு தன் பிளாக்செயின் கட்டமைப்புக்கு "நம்பிக்கை இணையம்" என்று பெயர் வைத்தது. கட்டம், சங்கிலி என்று உறுப்பு உறுப்பாகப் பெயர்க்காமல், அது எதற்காக என்பதைப் பிடித்த பெயர். எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அது ஒரு திட்டத்தின் பெயர். பிட்காயின் செய்தியில் "நம்பிக்கை இணையத்தில் இயங்கும்" என்று போட்டால், பிட்காயினைக் கோட்டையில் வைத்து நடத்துகிறார்கள் என்றாகிவிடும். அங்கே "பிளாக்செயின் பேரேடு" போதும்.

இனி கிளவுட். ஆங்கிலத்தில் இந்தப் பெயர் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. வலையமைப்புகளின் வரைபடம் போடும்போது, "இதற்குள் என்ன இருக்கிறது என்று இப்போதைக்குக் கவலை வேண்டாம்" என்று சொல்ல வேண்டிய பகுதிக்குப் பொறியாளர்கள் ஒரு மேகத்தை வரைந்து வந்தார்கள். அந்தப் படம் நம் வாசகரின் நினைவில் இல்லை. பாடத்தில் "மேகக் கணிமை" நன்றாகவே வேலை செய்கிறது, ஏனென்றால் அங்கே வரையறை சொல்லித் தருவதற்கு ஆசிரியர் இருக்கிறார். செய்தியில் "மேகம்" என்றால் மழைதான். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவாகியிருக்கும் நாளில் அதே பக்கத்தில் "மேகச் சேமிப்பில் கோளாறு" என்று ஒரு தலைப்பு வந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

கிளவுட் ஸ்டோரேஜுக்கு ஒரே ஒரு தமிழ்ச் சொல் வேண்டும் என்ற எண்ணத்தை நான் விட்டுவிட்டேன். செய்திகளில் அது மூன்று விதமாக வருகிறது, மூன்றுக்கும் தமிழ் வேறு.

முதலாவது, ஏதாவது ஒன்று எரியும்போது அல்லது முடங்கும்போது. 2021 மார்ச் 10 அதிகாலையில் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச்கிளவுட் நிறுவனத்தின் கட்டடம் ஒன்று முழுதாக எரிந்தது, பக்கத்துக் கட்டடம் ஒன்றும் ஓரளவு சேதமானது. யாருக்கும் காயமில்லை. ஏராளமான இணையதளங்கள் முடங்கின. வேறு இடத்தில் நகல் வைத்திருந்தவர்கள் மீண்டார்கள், வைக்காதவர்களில் பலருக்குத் தரவுகள் நிரந்தரமாகப் போயின. இந்தச் செய்தியை "மேகச் சேமிப்பகத்தில் தீ விபத்து" என்று தொடங்கினால் சிரிப்பார்கள். "கிளவுட் ஸ்டோரேஜ் சென்டரில் தீ" என்றாலும் பாதிப் பேருக்கு எரிந்தது எது என்று தெரியாது. "ஆயிரக்கணக்கான நிறுவனங்களின் தரவுகளைச் சேமித்து வைத்திருந்த கட்டடம் எரிந்தது" என்றால் ஊகிக்க எதுவும் இல்லை. இங்கே "தரவு மையம்" என்ற தமிழ்ச் சொல் தயாராக இருக்கிறது. சிறுசேரியிலும் அம்பத்தூரிலும் தரவு மையம் வருகிறது என்று செய்தி படித்துப் படித்துப் பழகிய சொல். ஆக முதல் வரியில் கட்டடம், இரண்டாவது வரியில் தரவு மையம், மூன்றாவது பத்தியில் நிறுவனம் தரும் "கிளவுட் சேவை". இந்த வரிசையில் போனால் கிளவுட் என்ற சொல் வருவதற்குள் வாசகர் அதைப் புரிந்துகொண்டிருப்பார்.

இரண்டாவது, தனி மனிதரின் போன் சம்பந்தப்பட்டது. கூகுள் 2021 ஜூன் 1 முதல், புதிதாக ஏற்றும் படங்களையும் 15 ஜிபி இலவச வரம்புக்குள் சேர்த்துக் கணக்கிட ஆரம்பித்தது. இதற்கு கிளவுடும் வேண்டாம், சேமிப்பகமும் வேண்டாம். மக்கள் சொல்வது "இடம்". போனில் இடமில்லை, இடம் நிரம்பிவிட்டது, இடம் வாங்க வேண்டும். "ஒவ்வொரு கூகுள் கணக்குக்கும் 15 ஜிபி இடம் இலவசம். மின்னஞ்சல், கோப்புகள், படங்கள் எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். நிரம்பினால் காசு கொடுத்துக் கூடுதல் இடம் வாங்கலாம்." இதை எழுத அகராதி எதற்கு? படத்தை "ஏற்றுகிறோம்", "இறக்குகிறோம்" என்ற வினைகளும் தயாராக இருக்கின்றன.

மூன்றாவது, வணிகப் பக்கம். அமேசானின், மைக்ரோசாஃப்டின் காலாண்டு முடிவு. அங்கே "கிளவுட் சேவைப் பிரிவின் வருவாய் உயர்ந்தது" என்று எழுதிவிட்டு நகரலாம். அந்தப் பத்தியைப் படிப்பவருக்கு கிளவுட் என்றால் என்ன என்று தெரியும். தெரியாதவர் அந்தப் பத்தியைப் படிப்பதில்லை.

வினைகளைப் பற்றிச் சொன்னேன், அதை இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். தொழில்நுட்பச் செய்தி தமிழாக ஒலிக்கிறதா என்பதைப் பெரும்பாலும் வினைதான் முடிவு செய்கிறது. சர்வர் முடங்கியது, தகவல்கள் கசிந்தன, பிட்காயின் விலை சரிந்தது, கணக்கை முடக்கினார்கள், பணத்தைச் சுருட்டினார்கள். பெயர்ச்சொல் எந்த நாட்டுச் சரக்காக இருந்தாலும் இந்த வினைகள் வாக்கியத்தை நம் வாக்கியமாக்கிவிடும். "சர்வர் செயலிழப்புக்கு உள்ளானது" என்று எழுதினால் ஒரே ஒரு ஆங்கிலச் சொல்தான் இருக்கிறது, ஆனாலும் படிக்க முடியவில்லை. ஏஜென்சி செய்தியை மொழிபெயர்க்கும்போது முதலில் வினையைத் தமிழாக முடிவு செய்யுங்கள். கடினச் சொல் தானாக ஓர் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

வரிச் செய்தியில் இதைச் செய்து பார்க்கலாம். 2022 பட்ஜெட் விதிகளை "கிரிப்டோவை லாபத்துக்கு விற்றால் லாபத்தில் 30 சதவீதம் வரி கட்ட வேண்டும். ஒரு கிரிப்டோவில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழித்துக்கொள்ள முடியாது. விற்கும்போதே 1 சதவீதம் பிடித்தம் உண்டு" என்று எழுதலாம். இந்தப் பிடித்தம் அந்த ஆண்டு ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. "கழிப்பது", "பிடித்தம்" இரண்டும் சம்பளச் சீட்டையும் கடைக் கணக்கையும் பார்த்த எவருக்கும் தெரிந்தவை. "ஈடுசெய்தல்", "மூல வரிப்பிடிப்பு" என்று போனால் சட்டப் புத்தகம்தான்.

அடைப்புக்குறியைப் பற்றிக் கேட்பீர்கள். தமிழ்ச் சொல்லைப் போட்டு, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் பழகிய சொல்லைப் போடுவது ஒரு சமரசம் போலத் தோன்றும். வாசகரின் கண் எங்கே போகிறது என்று பாருங்கள். நேராக அடைப்புக்குறிக்குள் போய், அதைப் படித்துவிட்டு நகர்ந்துவிடும். வெளியே நிற்கும் சொல்லை யாரும் பார்ப்பதுகூட இல்லை. என் அளவுகோல் இதுதான்: ஒரு தமிழ்ச் சொல்லை அடைப்புக்குறி இல்லாமல் வாக்கியத்தில் விட்டால் அது தன் காலில் நிற்கிறதா? மின்னஞ்சல், கடவுச்சொல், குறுஞ்செய்தி, தேடுபொறி, இணையதளம் எல்லாம் நிற்கின்றன. செயற்கை நுண்ணறிவு நீளமாக இருந்தும் நிற்கிறது. குறியாக்க நாணயம் இன்னும் நிற்கவில்லை. நாளைக்கு நிற்கலாம், அப்போது தாராளமாகப் போடுங்கள். கட்டுரைப் பக்கத்தில், விளக்க இடம் இருக்கும்போது, இப்போதே போட்டுப் பழக்கலாம். காலை ஆறு மணிக்கு டீக்கடையில் புரட்டப்படும் பக்கத்தில் அந்தப் பரிசோதனை வேண்டாம்.

தமிழ்ச் சொல் வெற்றி பெற்ற இடத்திலும் கவனம் வேண்டும். "செயலி" என்பதை மொபைல் ஆப் என்ற பொருளில் நாம் எல்லோரும் எழுதுகிறோம், நல்ல சொல். ஆனால் கணினித் துறையில் அதே சொல் பிராசஸருக்கும் உண்டு. நுண்செயலி என்பது அதிலிருந்து வந்ததுதான். புதிய போன் பற்றிய செய்தியில் "அதிவேகச் செயலியுடன் வருகிறது" என்றால் எது வேகம்? அந்த ஒரு செய்தியில் மட்டும் "பிராசஸர்" என்று எழுதிவிடுவதுதான் நேர்மை. "ட்ரோன்" விஷயமும் இதே மாதிரி. எல்லையில் பறப்பதை "ஆளில்லா விமானம்" என்றால் பொருந்தும். கல்யாண மண்டபத்தின் மேல் படம் பிடிப்பதை அப்படி எழுதினால் மாப்பிள்ளை வீட்டார் பயந்துவிடுவார்கள்.

உங்கள் இதழ் இணையத்திலும் போகிறது என்றால் வாசகர்கள் தமிழ்நாட்டில் மட்டும் இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். டிஜிட்டல் என்பதை சிங்கப்பூரில் மின்னிலக்கம் என்கிறார்கள். இலங்கையில் மின்னணு என்பது இலத்திரனியல், குறுஞ்செய்தி என்பது குறுந்தகவல். ஆக, சென்னையில் உருவாக்கிய ஒரு தமிழாக்கம் எல்லாத் தமிழருக்கும் புரியும் என்று சொல்ல முடியாது. கிரிப்டோ, பிட்காயின் மூன்று இடத்திலும் புரியும்.

கடைசியாக, இரவல் சொல் என்று முடிவு செய்துவிட்டால் அதற்கும் இலக்கணம் உண்டு, அதைப் பலர் கண்டுகொள்வதில்லை. "கிளவுட்" என்பதில் கடைசி ஒலி மெலிந்தது. அதனால் "கிளவுடில்" என்று எழுதுவதே ஒலிக்குப் பக்கம். மார்க்கெட், மார்க்கெட்டில் என்ற பழக்கத்தில் "கிளவுட்டில்" என்று இரட்டித்தால் வேறு சொல் மாதிரி கேட்கும். சொல்லின் முதலில் மெய் வைக்காமல் "கிரிப்டோ" என்றே எழுதுங்கள். ஒரே பக்கத்தில் "க்ரிப்டோ"வும் வந்தால் தேடுபவருக்குப் பாதிச் செய்திதான் கிடைக்கும். "கிரிப்டோவை", "கிரிப்டோவில்", "கிரிப்டோவுக்கு" எல்லாம் உறுத்தாமல் வருகின்றன. "கிரிப்டோகரன்சிகளிலிருந்து" என்று நீளும்போது "கிரிப்டோவிலிருந்து" என்று சுருக்கிவிடலாம், பொருள் கெடாது. முதல் முறை மட்டும் "பிட்காயின் உள்ளிட்ட கிரிப்டோகரன்சிகள்" என்று முழுதாகச் சொல்லுங்கள். வாசகருக்குப் பெயராவது தெரிந்த ஒன்றைப் பக்கத்தில் வைத்துவிட்டால் தனியாக "அதாவது" போட்டு விளக்க வேண்டியதில்லை. ஒற்றைப் பத்தித் தலைப்புக்கு "கிரிப்டோ" நான்கே எழுத்து. "குறியாக்க நாணயம்" ஒன்பது எழுத்து. அதைப் போட்டால் தலைப்பில் வினைக்கு இடம் இருக்காது.